வாரம் அரை மணி நேரம்: முதன்முறை மேனேஜர் ஆனவர்களுக்கு ஒன்-டு-ஒன் வழிகாட்டி

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் நன்றாக வேலை செய்பவரை ஒருநாள் கூப்பிட்டு, "அடுத்த மாதத்திலிருந்து இந்தக் குழு உங்கள் பொறுப்பு" என்பார்கள். கூடவே எச்ஆர் ஒரு பட்டியல் கொடுக்கும். அதில் "வாராந்திர ஒன்-டு-ஒன்" என்று ஒரு வரி இருக்கும், அதாவது குழுவில் ஒவ்வொருவரோடும் தனியே உட்கார்ந்து பேசுவது. அதை எப்படி நடத்துவது, யார் பேசுவது, எதை எழுதி வைப்பது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். ஐந்தாறு பேர் கொண்ட குழுவை முதன்முறை ஏற்றிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இருபது பேரை வைத்து லைன் ஓட்டும் சூப்பர்வைசர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. அவர்கள் லைன் லீடர்களோடு மட்டும் இதைச் செய்யலாம்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இந்த அரை மணி நேரம் உங்களுடையது அல்ல, எதிரே உட்காருபவருடையது. பினாங்கில் 1972-இலேயே ஆலை தொடங்கிய இன்டெல் நிறுவனத்தை வழிநடத்திய ஆண்டி குரோவ் இதை வலியுறுத்தியவர். என்ன பேசுவது என்பதை ஊழியரே முடிவு செய்து கொண்டுவர வேண்டும் என்பது அவர் கருத்து. நீங்கள் அறிக்கை கேட்கும் கூட்டமாக இதை மாற்றினால், காலை புரொடக்‌ஷன் மீட்டிங்கில் சொன்னதையே இங்கேயும் ஒருமுறை சொல்லிவிட்டுப் போவார்கள்.

1. முதலில் செலவைக் கணக்குப் போடுங்கள்

ஆறு பேர், ஆளுக்கு 30 நிமிடம் என்றால் மூன்று மணி நேரம். ஒவ்வொருவருக்கும் முன்னால் பத்து நிமிடம் குறிப்பைப் படிக்க வேண்டும், முடிந்தபின் ஐந்து நிமிடம் எழுத வேண்டும். மொத்தம் நாலரை மணி நேரம். வேலைச் சட்டம் 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் வேலை வாரமும் அந்த அளவு என்றால் சரியாகப் பத்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது.

பணமாகவும் பார்க்கலாம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி, அதை எட்டால் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. 5,200 ரிங்கிட் வாங்குபவருக்கு மணிக்கு 25 ரிங்கிட். 7,800 வாங்கும் மேனேஜருக்கு 37.50. ஆறு பேரும் 5,200 வாங்குவதாக வைத்துக்கொண்டால், அவர்களுடைய மூன்று மணி நேரத்துக்கு 75 ரிங்கிட், உங்களுடைய நாலரை மணி நேரத்துக்கு 168.75. வாரத்துக்கு ஏறக்குறைய 244 ரிங்கிட், மாதத்துக்கு ஆயிரத்தை நெருங்குகிறது.

இந்தக் கணக்கு உங்களை மிரட்டுவதற்கு அல்ல. "இதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்?" என்று உங்கள் மேலதிகாரி ஒருநாள் கேட்பார். அப்போது கையில் எண் இருக்க வேண்டும். ஒரு லாட் தவறாகப் போய் ஒரு இரவு ஷிஃப்ட் நின்றால் ஆகும் செலவை அவரே அறிவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

2. நாளும் நேரமும்

நாட்காட்டியில் ஆறு பேருக்கும் அவரவருக்கென்று மாறாத ஒரு கிழமை, ஒரு நேரம் என்று நிலையாகப் போட்டுவிடுங்கள். அந்தந்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்றாவது வாரமே நின்றுபோகும்.

திங்கள் காலை வேண்டாம், வாரயிறுதியில் தேங்கியதெல்லாம் அப்போதுதான் வெடிக்கும். வெள்ளிக்கிழமை 12.30-லிருந்து 3 மணிவரை வேண்டாம், முஸ்லிம் நண்பர்கள் தொழுகைக்குப் போய் வரும் நேரம். இரவு ஷிஃப்டில் இருப்பவரைப் பகலில் கூப்பிடுவது கொடுமை. ஷிஃப்ட் மாறும் நேரத்துக்குச் சற்று முன்போ பின்போ நீங்கள்தான் போக வேண்டும். அதற்காகச் சில நாள் சீக்கிரம் கிளம்பிப் பாலத்தில் நிற்க வேண்டியிருந்தாலும் சரி. ஆறையும் ஒரே நாளில் அடுக்காதீர்கள். நாலாவது ஆள் வரும்போது உங்கள் காது மூடிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு போதும்.

தைப்பூசம், ஹரி ராயா, சீனப் புத்தாண்டு வாரங்களில் சந்திப்பு விடுமுறை நாளில் விழும். அந்த வாரத்தை விட்டுவிடாமல் முன்கூட்டியே ஒரு நாள் தள்ளிப் போட்டு வையுங்கள்.

3. இடம்

கண்டீன் வேண்டாம். அங்கே பக்கத்து மேசைக்காரர் காதை இங்கேதான் வைத்திருப்பார். வெளியே மாமாக் கடைக்குப் போய் தே தாரிக் குடித்துக்கொண்டே பேசுவது இதமாக இருக்கும், ஆனால் எல்லோருக்கும் ஒத்துவராது. நோன்பு மாதத்தில் அறவே ஆகாது. சிலரோடு கடைக்கும் சிலரோடு அறைக்கும் போனால், யார் யாரோடு நெருக்கம் என்று குழுவே எழுதி வைத்துக்கொள்ளும்.

கண்ணாடிச் சுவர் உள்ள சிறிய அறைதான் நல்லது. உள்ளே பேசுவது வெளியே கேட்காது, உள்ளே இருப்பவர்கள் வெளியே தெரிவார்கள். ஆண் மேனேஜர் பெண் ஊழியரோடு பேசும்போது இருவருக்குமே அது பாதுகாப்பு. மடிக்கணினியை இருவரும் பார்க்கும்படி பக்கவாட்டில் வையுங்கள். உங்கள் பக்கம் மட்டும் திரை இருந்தால் போலீஸில் வாக்குமூலம் கொடுப்பதுபோல் எதிரே இருப்பவருக்குத் தோன்றும்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்த் தம்பி தங்கைகளோடு தமிழிலேயே பேசுங்கள், மனம் திறக்கும். ஆனால் குறிப்புத் தாளின் மொழியும் அமைப்பும் மலாய், சீன நண்பர்களுக்கு இருப்பதுபோலவே எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும், நேரமும் அதே 30 நிமிடம். இல்லையென்றால் "அவங்க ஆளுங்களுக்கு மட்டும் தனி" என்ற பேச்சு ஒரு மாதத்தில் கிளம்பும். கிளம்பினால் அடங்காது.

4. குறிப்புத் தாள்

ஆளுக்கு ஒரு தாள். நீங்களும் அவரும் மட்டும் திறக்கக்கூடிய ஒன்நோட் பக்கமோ பகிர்ந்த கோப்போ போதும், காசு எதுவும் ஆகாது. புதிய வாரம் மேலே, பழைய வாரங்கள் கீழே. நான் பயன்படுத்தும் அமைப்பு இவ்வளவுதான்:

```
தேதி:
உங்கள் விஷயங்கள் (நீங்கள் எழுதுவது):
என் விஷயங்கள் (மேனேஜர் எழுதுவது):
முடிவு | யார் | எப்போதுக்குள்:
போன வாரத்திலிருந்து நிற்பவை:
```

"உங்கள் விஷயங்கள்" மேலே இருப்பதற்குக் காரணம் உண்டு. பேச்சும் அந்த வரிசையில்தான் போக வேண்டும். மேனேஜர் விஷயம் முதலில் வந்தால் அரை மணி நேரத்தையும் அதுவே தின்றுவிடும். சந்திப்புக்கு முதல்நாள் மாலைக்குள் அவர் இரண்டு மூன்று வரி எழுதிவிட வேண்டும். எழுதவில்லை என்றால் திட்டாதீர்கள். ஆனால் வெறுமையாக இருப்பதைக் கவனியுங்கள், அதைப் பற்றி ஆறாம் படியில் சொல்கிறேன்.

கடைசி வரிதான் இந்தத் தாளின் உயிர். மூன்று வாரத்துக்கு மேல் ஒரு விஷயம் அங்கேயே நின்றால் அதைக் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது. செய்யப் போகிறோம் என்றால் நாள் குறியுங்கள். முடியாது என்றால் "இது நடக்காது, காரணம் இது" என்று எழுதி மூடுங்கள். முடியாது என்று நேராகச் சொன்னால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே வராமல் தொங்குவதைத்தான் யாரும் மன்னிப்பதில்லை.

தனிப்பட்டவற்றை இந்தத் தாளில் எழுதாதீர்கள். நோய், குடும்பத் தகராறு, கடன் எதுவானாலும் சரி. "வியாழக்கிழமைகளில் 4 மணிக்குக் கிளம்ப வேண்டும்" என்ற ஏற்பாட்டை எழுதலாம், ஏன் என்பது வேண்டாம். கம்பெனி கணினியில் இருப்பது எதுவும் என்றைக்காவது வேறொருவர் கண்ணில் படும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

5. முதல் சந்திப்பு

முதல் வாரம் எல்லோரும் பயந்துதான் வருவார்கள். "என்ன தப்பு செஞ்சேன்?" என்ற முகம். அதனால் அழைப்பிதழிலேயே இது எல்லோருக்கும் உண்டு, ஒவ்வொரு வாரமும் நடக்கும், அப்ரைசல் மதிப்பெண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எழுதிவிடுங்கள். முதல் அரை மணி நேரத்தில் மூன்று கேள்வி போதும். வேலையில் எதற்காக அதிகம் காத்திருக்கிறீர்கள்? எது சரியாகப் போகிறது, அதில் நான் கை வைக்காமல் இருக்க வேண்டும்? தவறு நடந்தால் உடனே சொல்ல வேண்டுமா, தனியே சொல்ல வேண்டுமா?

உங்களைவிட வயதிலும் சர்வீஸிலும் மூத்தவர் குழுவில் இருந்தால் அவருக்கு வேறு வழி. நேற்றுவரை நீங்கள் "அண்ணே" என்று கூப்பிட்டவர், உங்களைத் "தம்பி" என்பவர். இன்றும் அப்படியே கூப்பிடுங்கள். மேனேஜர் ஆனதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் முறிந்துவிடும். அவருக்கு வாராவாரம் அறையில் உட்கார்வது சந்தேகப்பட்டு விசாரிப்பதுபோல் தோன்றலாம். அவர் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள். "இந்த மெஷின் விஷயத்துல நான் என்ன முடிவு எடுக்கலாம்ணே?" என்று அவருக்குத் தெரிந்த ஒன்றில் தொடங்குங்கள். தன் வேலையை நன்கு அறிந்தவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். வேலைக்குப் புதியவருக்குத்தான் வாரம் தவறக்கூடாது. இதைக் குழுவிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

6. "எல்லாம் ஓகே" என்பவரிடம் என்ன செய்வது

நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால் நடந்த ஒன்றை முழுதாகச் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஒரு மெட்டீரியல் பிளானர். சுங்கை பட்டாணியிலிருந்து ஃபாக்டரி பஸ்ஸில் வந்து போகும் தங்கை. வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. ஒவ்வொரு வாரமும் தாளில் அவருடைய பகுதி வெறுமை. "எப்படிம்மா போகுது?" என்றால் "எல்லாம் ஓகேண்ணே." பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்.

"எப்படிப் போகுது?", "ஏதாவது பிரச்சினையா?" போன்ற கேள்விகளுக்கு நம் ஊரில் ஒரே பதில்தான் வரும். பெரியவரிடம் குறை சொல்வது முறையல்ல என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதோடு, பிரச்சினை என்று சொன்னால் அது தன் திறமைக் குறைவாகப் பார்க்கப்படும் என்ற அச்சமும் உண்டு. ஆகவே கேள்வி ஆளைப் பற்றி இருக்கக்கூடாது, நடந்த ஒரு நாளைப் பற்றி இருக்க வேண்டும்.

ஒரு வாரம் இப்படிக் கேட்டேன்: "நேத்து செவ்வாய்க்கிழமை காலையில வந்ததுலேர்ந்து சொல்லும்மா. எப்ப, எதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தே?"

அவர் யோசித்தார். நானும் பேசாமல் இருந்தேன். இந்த இடத்தில் நீங்கள் வாய் திறக்கக்கூடாது. பத்து விநாடி மௌனம் ஒரு யுகமாகத் தெரியும், ஆனாலும் பொறுங்கள். பிறகு சொன்னார்: "காலையில வந்த லாட்டெல்லாம் க்யூசி ரிலீஸ் பண்ண நாலு மணி ஆயிடுதுண்ணே. அதுக்கப்புறந்தான் நைட் ஷிஃப்டுக்கு கிட்டிங் பண்ண முடியும்."

"முடிக்கும்போது மணி என்ன?"

"ஆறரை, ஏழு."

"பஸ்?"

"அஞ்சரை பஸ் போயிடும். கிராப்ல போவேன்."

பாலம் தாண்டி சுங்கை பட்டாணிக்கு கிராப் என்றால் அன்றைய சம்பளத்தில் கணிசமான பகுதி. ஓவர்டைம் எழுதினாரா என்று கேட்டேன். இல்லை, "நான் லேட்டா முடிச்சதுக்கு எப்படி கிளெய்ம் பண்றது?" என்றார். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்பளக்காரருக்கு, வழக்கமான வேலை நேரத்துக்குமேல் செய்த வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி என்பது சட்டம். அவர் அந்த வரம்புக்குள் இருந்தார். இப்படி ஒன்று வெளிவந்தால் அனுதாபத்தோடு நிறுத்தாதீர்கள். அந்த மணி நேரங்களை எச்ஆருக்குக் கொண்டுபோவது உங்கள் கடமை.

அடுத்து நீங்கள் செய்யத் துடிப்பது, எழுந்து நேராக க்யூசி சூப்பர்வைசரிடம் போவது. போகாதீர்கள். முதலில் அந்தத் தங்கையையே கேளுங்கள்: "நான் பேசட்டுமா, நீயே பேசுறியா, ரெண்டு பேரும் சேர்ந்து போகலாமா?" அவர், "நீங்க பேசுங்கண்ணே, ஆனா என் பேர் வேணாம்" என்றார். க்யூசியில் இருப்பவர் வயதில் மூத்த அக்கா, தினமும் முகம் பார்க்க வேண்டியவர். இதைக் கேட்காமல் போயிருந்தால் அடுத்த வாரத்திலிருந்து மறுபடி "எல்லாம் ஓகே"தான்.

பெயர் இல்லாமல் பேச வேண்டுமென்றால் கையில் தரவு வேண்டும். சிஸ்டத்தில் இரண்டு வாரத்து லாட்கள் வந்த நேரத்தையும் ரிலீஸான நேரத்தையும் எடுத்துப் பார்த்தேன். க்யூசி மேல் குற்றம் இல்லை. வந்த வரிசையிலேயே பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரத்துக்குத் தேவையான லாட் முதலில் வந்திருந்தால் அதுதான் முதலில், இன்றிரவு வேண்டியது பின்னால். எது அவசரம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. "உங்க வேலை தாமதம்" என்று போயிருந்தால் சண்டை. "எது முதல்ல வேணும்னு நாங்க சொன்னா உதவியா இருக்குமா?" என்று போனதால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அந்த வாரத் தாளில் எழுதியது:

```
முடிவு: இன்றிரவுக்கான லாட் பட்டியல், காலை 9 மணிக்குள் க்யூசிக்கு | பிளானர் | நாளை முதல்
முடிவு: பட்டியலில் உள்ளவை பகல் 1 மணிக்குள் ரிலீஸ் | க்யூசி ஒப்புக்கொண்டது | நாளை முதல்
முடிவு: விடுபட்ட ஓவர்டைம் மணி நேரங்களை எச்ஆரிடம் கொடுப்பது | மேனேஜர் | வெள்ளி
```

மறுவாரம் முதல் கேள்வி இதுதான்: எத்தனை நாள் ஒரு மணிக்குள் வந்தது? மூன்று நாள் வந்தது, இரண்டு நாள் வரவில்லை. ஏன்? அந்த இரண்டு நாளும் பட்டியலில் பன்னிரண்டு லாட். எல்லாமே அவசரம் என்றால் எதுவும் அவசரமில்லை என்றுதானே அர்த்தம்! ஐந்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்தோம். அதற்கு மேல் தேவைப்படும் நாளில் முதல்நாளே என்னிடம் சொல்ல வேண்டும் என்பதும் சேர்ந்தது. அதன்பின் அவர் பெரும்பாலான நாட்களில் அஞ்சரை பஸ்ஸைப் பிடித்தார். மாதக் கடைசியில் மட்டும் முடியவில்லை. அதற்குக் காரணம் வேறு, சப்ளையர் பக்கம், என்னால் தீர்க்க முடியாதது. அதையும் அப்படியே தாளில் எழுதினோம்.

இதற்குப் பிறகுதான் அவருடைய பகுதியில் வரிகள் வரத் தொடங்கின. கேள்வி கேட்ட விதம் முதல் முறைதான் உதவும். இரண்டாம் முறை அவர் பேசுவது, முதலில் சொன்ன சின்ன விஷயத்துக்கு நீங்கள் ஏழு நாளுக்குள் ஏதாவது செய்தீர்களா என்பதைப் பார்த்துத்தான். பெரும்பாலோர் முதலில் சின்னதாக ஒன்றைத்தான் சொல்வார்கள், நாற்காலி உடைந்திருக்கிறது, ஒரு சிஸ்டத்துக்கு அனுமதி இல்லை என்பதுபோல. "இதுக்கா ஒன்-டு-ஒன்?" என்று நினைத்துவிடாதீர்கள். அதை வைத்துத்தான் உங்களை எடைபோடுகிறார்கள்.

சந்திப்பு வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? கெட்ட செய்தி எங்கே முதலில் வருகிறது என்று பாருங்கள். காலை புரொடக்‌ஷன் மீட்டிங்கில் எல்லோர் முன்னும்தான் உங்களுக்கே தெரியவருகிறது என்றால், அறையில் நடப்பது வெறும் சடங்கு.

7. வாய்ப்பேச்சோடு விடக்கூடாதவை

ஒன்-டு-ஒன் அறையில் சில விஷயங்கள் காதில் விழுந்த பிறகு அவை நமக்குள் இருக்க முடியாது. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றிக் கேட்பது. "அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும், வாரம் ரெண்டு நாள் சீக்கிரம் கிளம்பலாமா?" என்பார். நீங்கள் "பார்க்கலாம்" என்பீர்கள், மாதங்கள் ஓடும். 2023-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி ஊழியர் இதற்கு எழுத்தில் விண்ணப்பம் செய்யலாம். கம்பெனி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். வாயால் சொன்னது விண்ணப்பம் ஆகாது, அந்த 60 நாளும் ஓடத் தொடங்காது. எனவே அன்றே எச்ஆர் படிவத்தை அவரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். நீங்கள் ஆதரிப்பதாக இருந்தால் தனியே ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

இரண்டாவது, பாலியல் தொல்லை பற்றிய பேச்சு. "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று தொடங்குவார்கள். அந்த வாக்கைக் கொடுத்துவிடாதீர்கள். இப்படியொரு புகார் வந்தால் விசாரிக்க வேண்டிய சட்டக் கடமை கம்பெனிக்கு உண்டு. "நான் கேட்டுக்கிறேன், ஆனா இதை எச்ஆர்கிட்ட கொண்டு போகாம இருக்க முடியாது. நீங்க போறீங்களா, நான் கூட வரட்டுமா?" என்று முதலிலேயே சொல்லுங்கள். விவரங்களைத் தாளில் எழுதாதீர்கள், நீங்களே விசாரணை நடத்தவும் கிளம்பாதீர்கள்.

மூன்றாவது, ஒழுங்கு நடவடிக்கை. வேலையில் குறை இருந்தால் ஒன்-டு-ஒன்னில் சொல்லத்தான் வேண்டும். எந்த நாள், எந்த வேலை, என்ன ஆனது என்று சொல்லுங்கள். ஆனால் இந்தத் தாள் எச்சரிக்கைக் கடிதம் அல்ல. கடிதம் தேவைப்படும் அளவுக்கு வந்துவிட்டால் அது எச்ஆர் வழியாக, வேறொரு சந்திப்பில், வேறொரு கோப்பில் நடக்க வேண்டும். ஒரு வாரம் இந்த அறையில் கடிதத்தை நீட்டினால், மறுவாரத்திலிருந்து ஆறு பேரும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வார்கள். கடிதம் வாங்கியவர் ஒருவர்தான் என்றாலும் அந்த அறை எல்லோருக்கும் மாறிவிடும்.

8. தள்ளிப்போடுவது

உங்களால் வர முடியவில்லை என்றால் "கேன்சல்" பண்ணாதீர்கள், அதே வாரத்துக்குள் வேறு நேரத்துக்கு மாற்றுங்கள். கஸ்டமர் ஆடிட், காலாண்டுக் கடைசி போன்ற வாரங்களில் 30-ஐப் பதினைந்தாகக் குறைக்கலாம். அப்போதும் "உங்கள் விஷயங்கள்" பகுதியை மட்டும் பாருங்கள், உங்களுடையது காத்திருக்கட்டும். அவர் எம்சி எடுத்திருந்தால் விட்டுவிடுங்கள். எம்சியில் இருப்பவரிடம் வாட்ஸ்அப்பில் ஒன்-டு-ஒன் நடத்துபவர்களையும் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும்.

அவரே தொடர்ந்து தள்ளிப்போட்டால் காரணம் இரண்டில் ஒன்று. நேரம் அவருக்கு ஒத்துவரவில்லை, அல்லது வந்து என்ன பயன் என்று தோன்றுகிறது. முதலாவதற்கு நேரத்தை மாற்றுங்கள். இரண்டாவதற்குத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்து, "மேனேஜர்" என்று எழுதிய முடிவுகளில் எத்தனை முடிந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்குமேல் நிற்கிறது என்றால் அவரிடம் கேட்க ஒன்றுமில்லை.

9. நீங்கள் வேறு துறைக்குப் போகும்போது

உங்களுக்குப் பதில் வருபவர் "குறிப்பெல்லாம் அனுப்புங்க" என்பார். அப்படியே அனுப்பாதீர்கள். ஆறு பேரோடும் கடைசியாக ஒரு சந்திப்பு வையுங்கள். தாளை இருவரும் சேர்ந்து பார்த்து, புதியவருக்குப் போக வேண்டிய வரிகளை ஊழியரே குறித்துத் தரட்டும். பாதியில் நிற்கும் முடிவுகள், ஒப்புக்கொண்ட வேலை நேர ஏற்பாடுகள், படிவம் கொடுத்துப் பதில் வராதவை ஆகிய மூன்றும் கட்டாயம் போக வேண்டும். அவற்றைப் புதிய பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, பழைய தாளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதை எச்ஆரிடம் கேட்டு, அதற்குமேல் உங்கள் கணினியில் ஒரு பிரதிகூட வைத்திருக்காதீர்கள்.